எல்லைக்குள் ஒளியும் கோளாறு

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போனால் கட்டடத்தின் பின்புறம் ஒரு தனி அறையில் ஸ்குரூ கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருக்கும். ஆட்டோகோனரில் அறுந்த நூலின் இரு முனைகளையும் முடிச்சில்லாமல் இணைப்பது அது அனுப்பும் காற்றுதான். காற்றழுத்தம் இறங்கிவிட்டால் ஒரு எந்திரத்தோடு போகாது, ஒரு பிரிவே நின்றுவிடும். அதனால்தான் இப்போது பல ஆலைகளில் கம்ப்ரஸரில் சென்சார்கள் பொருத்துகிறார்கள். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, எண்ணெயோடு கலந்து வெளியேறும் காற்றின் வெப்பம் என்ன, அழுத்தம் என்ன, அதிர்வு என்ன என்று அவை இடைவிடாமல் எண்களை அனுப்புகின்றன. நிமிடத்துக்கு ஒரு ரீடிங் என்று வைத்தால்கூட ஒரு சென்சாரிடமிருந்து ஒரு நாளைக்கு 1440 எண்கள் வரும்.

எந்திரத்தில் ஏற்கெனவே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வெப்பம் 110 டிகிரி வாக்கில் போனால் கம்ப்ரஸர் தானாகவே ட்ரிப் ஆகி நின்றுவிடும். ஆனால் அது கடைசிக் கட்டம். நமக்கு வேண்டியது அதற்குப் பல மணி நேரமோ பல நாட்களோ முன்னால், எண்கள் இன்னும் யாரையும் பயமுறுத்தாதபோதே, ஏதோ மாறியிருக்கிறது என்று தெரிவது. இதற்கு இன்று தொழிற்சாலைகளில் பரவலாகக் கையாளப்படும் வழிகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று நூறு ஆண்டு பழையது. சராசரியைச் சுற்றி எல்லை போடுவது. மற்றது 2008-இல் வந்தது. கூட்டத்திலிருந்து எளிதில் பிரிந்துவிடும் ரீடிங்கைத் தேடுவது. இரண்டையும் இந்த ஒரே கம்ப்ரஸரில் வைத்துப் பார்த்தால் எது எங்கே உதவும், எங்கே ஏமாற்றும் என்பது புரிந்துவிடும்.

எல்லை போடும் முறையைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட். டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, 1924 மே 16 அன்று மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். அதில் ஒரு வரைபடம் இருந்தது. உற்பத்தியில் எந்த அளவும் ஒரே மாதிரி இருக்காது, கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அந்த இயல்பான ஆட்டத்தைத் துரத்திப் பயனில்லை. அதற்கு வெளியே போகும் ஆட்டத்துக்குத்தான் ஒரு தனிக் காரணம் இருக்கும், அதைத்தான் தேட வேண்டும். அதுவே அவர் சொன்னது. இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே? சராசரியிலிருந்து இரு பக்கமும் மூன்று திட்ட விலக்கம் தள்ளி.

பத்தாம் வகுப்புக் கணக்கில் படித்த அதே திட்ட விலக்கம்தான். எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. எண்கள் மணி வடிவத்தில் பரவியிருந்தால் 100-க்கு 99.73 இந்தக் கோடுகளுக்குள் அடங்கிவிடும். எந்தக் கோளாறும் இல்லாமலே 370-இல் ஒன்று வெளியே விழும். மூன்று என்ற எண்ணை ஷூஹார்ட் எந்தச் சூத்திரத்திலிருந்தும் வருவிக்கவில்லை. கோட்டை நெருக்கினால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஆள் ஓட வேண்டியிருக்கும், தள்ளி வைத்தால் உண்மையான கோளாறு தப்பிவிடும். இந்த இரண்டு செலவுக்கும் நடுவில் நடைமுறையில் சரிப்பட்டு வந்தது மூன்று.

இவ்வளவு எளிய கணக்கில் தவறு வர என்ன இருக்கிறது என்று தோன்றும். வரும். கம்ப்ரஸரின் வெப்பச் சென்சார் காட்டிய பத்து ரீடிங்குகள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 82, 83, 81, 82, 84, 83, 82, 81, 83, 104. கடைசி எண்ணைக் குழந்தைகூடச் சுட்டிக்காட்டிவிடும். இப்போது இந்தப் பத்துக்கும் கணக்குப் போடுங்கள். சராசரி 84.5. திட்ட விலக்கம் 6.9. மூன்று மடங்கைக் கூட்டினால் மேல் எல்லை 105.2. ஆக 104 எல்லைக்குள்தான் இருக்கிறது, அலாரம் அடிக்காது.

நடந்தது இதுதான். எல்லையைக் கணக்கிட எடுத்த எண்களிலேயே அந்த 104-உம் சேர்ந்துவிட்டது. அது சராசரியைத் தன் பக்கம் இழுத்தது, சிதறலையும் பெருக்கியது. தன்னைப் பிடிக்க வேண்டிய எல்லையைத் தானே தள்ளி வைத்துவிட்டது. பத்தே ரீடிங்குகளை வைத்து எல்லை போட்டால், அவற்றில் ஒன்று 104 ஆனாலும் 1000 ஆனாலும், சராசரியிலிருந்து 2.85 திட்ட விலக்கத்தைத் தாண்டவே முடியாது. இது கணிதத்தில் நிறுவக்கூடிய உண்மை. மூன்று திட்ட விலக்க விதி பத்து எண்களில் ஒருபோதும் அலாரம் அடிக்காது.

இதற்கு மருந்து இரண்டு. எந்திரம் நன்றாக ஓடியது என்று உறுதியாகத் தெரிந்த நாட்களின் ரீடிங்குகளை வைத்து எல்லையைக் கணக்கிட்டு அப்படியே நிறுத்திவைப்பது ஒன்று. சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை எடுப்பது இன்னொன்று. மேற்படி பத்து எண்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது 82.5. ஒவ்வொரு எண்ணும் இதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதி, அந்த விலகல்களுக்கும் இடைநிலையை எடுத்தால் 0.5. இதைத் திட்ட விலக்கத்தோடு ஒப்பிடும் அளவுக்குக் கொண்டுவர 1.4826-ஆல் பெருக்குவார்கள். கிடைப்பது 0.74. இதன் மூன்று மடங்கை இருபுறமும் வைத்தால் எல்லைகள் 80.3, 84.7. ஒன்பது நல்ல ரீடிங்கும் உள்ளே நிற்கின்றன, 104 வெகு தூரம் வெளியே நிற்கிறது. ஒரு எண் எவ்வளவு பைத்தியமாக இருந்தாலும் வரிசையின் நடு இடத்தை அதனால் அசைக்க முடியாது என்பதே இதன் பலம். சென்சாரின் கம்பி தளர்ந்து அவ்வப்போது தாறுமாறான எண் வருவது தொழிற்சாலையில் அன்றாடம் நடப்பது என்பதால், முதல் முறையாக எல்லை போடுகிறவர்கள் இடைநிலையில் தொடங்குவதே நல்லது என்பேன்.

இனி ஆம்பியருக்கு வருவோம். இங்கேதான் பெரிய சிக்கல். காற்று தேவைப்படும்போது கம்ப்ரஸர் லோடில் ஓடும். டாங்கியில் அழுத்தம் நிரம்பியதும் உறிஞ்சும் வால்வை மூடிக்கொண்டு அன்லோடில் சும்மா சுற்றும். லோடில் நமது மோட்டார் 100 ஆம்பியர் வாக்கில் இழுக்கிறது, இரண்டு ஆம்பியர் கூடக் குறைய. அன்லோடில் 40 வாக்கில். நேரத்தில் 70 சதவீதம் லோடு, 30 சதவீதம் அன்லோடு. ஒரு வாரத்து ரீடிங்குகளை மொத்தமாகப் போட்டுக் கணக்கிட்டால் சராசரி 82, திட்ட விலக்கம் ஏறக்குறைய 27.5. மேல் எல்லை 164.5. கீழ் எல்லை பூஜ்யத்துக்கும் அரை ஆம்பியர் கீழே. அதாவது மோட்டார் அடியோடு நின்று பூஜ்யம் காட்டினாலும் இந்தக் கணக்கின்படி அது வழக்கமான ரீடிங். இந்தச் சராசரியான 82 ஆம்பியரில் அந்த மோட்டார் ஒரு நிமிடம்கூட ஓடியதில்லை என்பதையும் கவனியுங்கள்.

இது கற்பனைச் சிக்கல் அல்ல. போர்த்துகலின் போர்ட்டோ நகர மெட்ரோ ரயிலில் காற்றழுத்தம் தரும் கம்ப்ரஸர் ஒன்றின் ரீடிங்குகளை ஆய்வாளர்கள் எல்லாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். 2020 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை, 15 சமிக்ஞைகள், 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள். அதில் மோட்டார் மின்னோட்டம் நான்கு இடங்களில் குவிகிறது. நின்றிருந்தால் பூஜ்யத்துக்கு அருகில், அன்லோடில் 4 ஆம்பியர், லோடில் 7, கிளம்பும் நொடியில் 9. ரயிலில் இருப்பது சிறிய எந்திரம், ஆலையில் இருப்பது பெரியது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்கின்றன. இந்த நான்கு குவியல்களுக்கும் சேர்த்து ஒரே எல்லை போட்டால் அது எந்தக் குவியலையும் காவல் காக்காது.

லோடையும் அன்லோடையும் பிரித்து எல்லை போட்டால் நிலைமை மாறிவிடும். லோடில் 94 முதல் 106, அன்லோடில் 35.5 முதல் 44.5. இப்போது அன்லோடில் 55 ஆம்பியர் வந்தால் உடனே தெரியும். வால்வு முழுதாக மூடாமல், காற்றைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டே சுற்றுகிறது என்று சந்தேகிக்கலாம். மொத்தக் கணக்கில் இந்த 55 சராசரிக்கு ஒரே ஒரு திட்ட விலக்கம்தான் தள்ளி நின்றது. அதே எண், அதே கணக்கு முறை. எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பது மட்டும்தான் மாறியது. எந்த முறையைக் கையாண்டாலும் வேலையில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது. எந்திரம் எந்தெந்த நிலைகளில் ஓடும் என்பதைத் தெரிந்த ஃபிட்டர் ஒருவரோடு உட்கார்ந்து பேசாமல் எல்லை போடக் கூடாது.

ஆனால் எந்திரத்தின் நிலைகள் இரண்டோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. பல சென்சார்கள், பல நிலைகள் என்று போனால் ஒவ்வொரு சேர்க்கைக்கும் கையால் எல்லை எழுதி முடியாது. அதோடு, தனித்தனியே பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத எண்கள் சேர்ந்து வரும்போது தவறாகும். நமது கம்ப்ரஸர் லோடில் ஓடும்போது வெப்பம் 82 முதல் 86 வரை. அன்லோடில் சில நிமிடங்கள் ஓடினால் 74 முதல் 78-க்கு இறங்கிவிடும். ஒரு நாள் 40 ஆம்பியரும் 86 டிகிரியும் சேர்ந்து வருகின்றன. 40 பழகிய எண், 86-உம் பழகிய எண். சேர்ந்து வந்ததுதான் புதிது. எந்திரம் சும்மா சுற்றுகிறது, இருந்தும் சூடு இறங்கவில்லை. நூற்பாலையில் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் கூலரை. அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே பஞ்சுத் தூசி படிந்து காற்றோட்டம் அடைபட்டிருக்கும்.

இப்படிப்பட்ட சேர்க்கைகளைத் தேடத்தான் ஐசோலேஷன் ஃபாரஸ்ட் உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபை டோனி லியூ, காய் மிங் டிங், சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி ஹுவா ஜோ ஆகிய மூவர் 2008-இல் வெளியிட்ட முறை இது. அதற்கு முன்பிருந்த முறைகளில் பல, வழக்கமான ரீடிங் எப்படி இருக்கும் என்று முதலில் கற்றுக்கொண்டு, அதற்குப் பொருந்தாததைப் பிறகு தேடின. இவர்கள் அந்த முதல் வேலையை விட்டுவிட்டு, எந்த ரீடிங்கைத் தனியாகப் பிரிப்பது எளிது என்று நேரடியாகக் கேட்டார்கள். நிறைந்த கல்யாண மண்டபத்தில் ஒருவரை மட்டும் அடையாளம் காட்ட வேண்டும், உயரமா, வயதா, உடையின் நிறமா என்று மனம்போன போக்கில் கேள்வி கேட்டுக் கூட்டத்தை இரண்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டே போகலாம் என்றால், ஆறரை அடி உயரக்காரர் இரண்டு மூன்று கேள்விகளிலேயே தனித்து நின்றுவிடுவார். எல்லாரையும் போல வேட்டி கட்டிய நடுத்தர உயரக்காரரைப் பிரித்தெடுக்க வெகு நேரம் ஆகும்.

கம்ப்ரஸர் எண்களில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு வாரத்து ரீடிங்குகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 256 எடுக்கிறோம். அவற்றில் நமது விசித்திர ரீடிங்கும் ஒன்று. ஆம்பியரா வெப்பமா என்று குலுக்கிப் போட்டதில் ஆம்பியர் விழுகிறது. இருக்கும் எண்களில் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடையே ஏதோ ஓர் இடத்தில் வெட்ட வேண்டும். 71 என்று விழுகிறது. லோடு ரீடிங்குகள் எல்லாம் ஒரு பக்கம், 70 சொச்சம் அன்லோடு ரீடிங்குகள் மறுபக்கம். அந்த மறுபக்கத்தில் மீண்டும் குலுக்கல். இம்முறை வெப்பம். அங்கே குறைந்தது 74, அதிகம் 86. வெட்டு 81-இல் விழுகிறது. 81-க்கு மேலே இருப்பது ஒரே ஒரு ரீடிங். இரண்டு வெட்டில் அது தனியாகிவிட்டது. 78-க்கும் 86-க்கும் நடுவே வெட்டு எங்கே விழுந்திருந்தாலும் இதே முடிவுதான். காலி இடம் பெரிதாக இருப்பதால் வெட்டு அங்கே விழும் வாய்ப்பும் பெரிது. 100 ஆம்பியர், 84 டிகிரி என்ற சாதாரண ரீடிங்கைச் சுற்றி அதே போன்றவை 170-க்கும் மேல் நெருங்கிக் கிடக்கின்றன. எட்டு, பத்து, பன்னிரண்டு என்று வெட்டிக்கொண்டே போனாலும் அது கூட்டத்தை விட்டுப் பிரியாது.

ஒரு முறை குலுக்கினால் அதிர்ஷ்டம் எப்படியும் விளையாடும். அதனால் இதே போல 100 முறை, ஒவ்வொரு முறையும் புதிதாக 256 ரீடிங் எடுத்து வெட்டுகிறார்கள். ஒவ்வொரு ரீடிங்கும் தனியாக எத்தனை வெட்டு ஆனது என்பதற்குச் சராசரி எடுத்து, அதை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட மதிப்பெண்ணாக மாற்றுகிறார்கள். 256 ரீடிங்குகளுக்குச் சராசரியாக எதிர்பார்க்கும் வெட்டுகள் சுமார் 10.2. அவ்வளவே ஆனால் மதிப்பெண் 0.5. நாலே வெட்டில் பிரிந்தால் 0.76. பன்னிரண்டு ஆனால் 0.44. ஒன்றை நெருங்க நெருங்கச் சந்தேகம் கூடுகிறது என்று பொருள்.

ஏன் 256 மட்டும்? முழு வாரத்தின் 10,080 நிமிடங்களையும் எடுத்தால் இன்னும் துல்லியமாக இருக்காதா? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இந்த முறையின் அழகு இருக்கிறது. கூலர் அடைப்பால் அந்தச் சூடு ஒரு மணி நேரம் நீடித்தது என்று வைத்துக்கொள்வோம். அறுபது விசித்திர ரீடிங்குகள். முழு வாரத்தையும் எடுத்தால் அந்த அறுபதும் தங்களுக்குள் ஒரு சிறு கூட்டமாகிவிடும். ஒன்றைத் தனியாக்க மற்ற ஐம்பத்தொன்பதையும் வெட்டிப் பிரிக்க வேண்டும், ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். 256 மட்டும் எடுத்தால் அதில் அந்த அறுபதில் ஒன்றோ இரண்டோதான் வந்து விழும். துணையில்லாததால் உடனே பிரிந்துவிடும். குறைவாகப் பார்ப்பதால் கூடுதலாகத் தெரிகிறது. வேலையும் விரைவாக முடிகிறது, பெரிய கணினி எதுவும் வேண்டியதில்லை.

இதன் குறைகளையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். முதலாவது, போன மாதத்து நல்ல ரீடிங்குகளை மட்டும் கொடுத்து வெட்டுகளைத் தயார் செய்துவிட்டு, இன்றைய ரீடிங்கை அதில் போட்டுப் பார்க்கும்போது வருவது. அந்த வெட்டுகள் எல்லாம் பழைய எண்களின் வரம்புக்குள்ளேதான் விழுந்திருக்கும். பழைய ரீடிங்குகளில் அதிக வெப்பம் 86 என்றால் 86-க்கு மேலே ஒரு வெட்டும் கிடையாது. இன்று 95 வந்தாலும் 300 வந்தாலும் இரண்டும் ஒரே வழியில் போய் ஒரே இடத்தில் விழும், ஒரே மதிப்பெண் பெறும். எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதே இதற்குத் தெரியாது. ஷூஹார்டின் எளிய கோடு அந்த இடத்தில் ஒரு நொடியில் பிடித்துவிடும். புதிய முறை வந்துவிட்டது என்று பழைய எல்லைகளைக் கழற்றிவிடும் ஆலைகள் இந்த ஆபத்தை விலைக்கு வாங்குகின்றன.

நாம் பார்த்த 40 ஆம்பியர், 86 டிகிரி சேர்க்கைக்கும் இதே சங்கடம் உண்டு. பழைய ரீடிங்குகளில் அப்படி ஒன்று இல்லையென்றால் அன்லோடு கூட்டத்துக்குள் வெட்டுகள் 74-க்கும் 78-க்கும் நடுவில்தான் விழுந்திருக்கும். புதிய ரீடிங் அந்தக் கூட்டத்தின் ஓரத்து ரீடிங் போலவே நடத்தப்படும். எப்போதும் ஆம்பியருக்கோ வெப்பத்துக்கோ நேர்க்கோட்டில் வெட்டுவதால், ஒரு கூட்டத்தின் ஆம்பியரையும் இன்னொரு கூட்டத்தின் வெப்பத்தையும் கொண்ட ரீடிங்குக்கு இது தேவைக்கு மேல் சலுகை காட்டுகிறது. இதைத் தவிர்க்க இரண்டு வழி. சோதிக்க வேண்டிய நேரத்தின் ரீடிங்குகளையும் சேர்த்து வெட்டுவது முதல் வழி. வெப்பத்தை அப்படியே கொடுக்காமல், இந்த ஆம்பியரில் எதிர்பார்க்கும் வெப்பத்தைவிட எவ்வளவு கூடுதல் என்ற வித்தியாசத்தைக் கொடுப்பது இரண்டாவது. அன்லோடில் எதிர்பார்ப்பது 76, வந்தது 86, வித்தியாசம் 10. இந்த எண்ணுக்குச் சாதாரண எல்லையே போதும்.

இரண்டாவது குறை, உறைந்துபோன சென்சார். வெப்பச் சென்சார் பழுதாகி நாள் முழுக்க 83.0 என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. எந்த எல்லையையும் அது தாண்டவில்லை. ஐசோலேஷன் ஃபாரஸ்டுக்கோ அது கூட்டத்தின் நட்டநடுவில் இருக்கும் உத்தமமான ரீடிங். ஒவ்வொரு ரீடிங்கையும் தனித்தனியாக, முன்பின் வரிசை தெரியாமல் பார்ப்பதால் வரும் கண்மூடித்தனம் இது. கடைசி பத்து நிமிடத்தில் ரீடிங் எவ்வளவு ஆடியது என்பதையும் ஒரு தனி எண்ணாகக் கணக்கிட்டுக் கொடுத்தால் தீர்ந்துவிடும். ஓடும் எந்திரத்தில் ஆட்டமே இல்லாத எண்ணை நம்பக் கூடாது.

இன்னொன்று, மென்பொருளில் உள்ள ஓர் அமைப்பு. பைத்தானில் `IsolationForest` என்ற பெயரில் கிடைக்கும் கருவியில் `contamination` என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் 0.01 என்று போட்டால், கொடுத்த ரீடிங்குகளில் சந்தேகத்துக்குரிய ஒரு சதவீதத்தை அது தவறானவை என்று குறிக்கும். எந்திரம் தங்கமாக ஓடினாலும் ஒரு சதவீதம் குறிக்கும். நாளொன்றுக்கு 14 ரீடிங். அந்த எண்ணைக் கருவி கண்டுபிடிக்கவில்லை, நாம் சொல்லிக் கொடுத்தோம். இதை மறந்துவிட்டு, நேற்று 14 கோளாறு கண்டுபிடித்தோம் என்று அறிக்கை எழுதுவது பொய்யாகிவிடும்.

மெல்ல மெல்ல வரும் கோளாறு வேறு வகை. கூலரில் பஞ்சு ஒரே நாளில் அடைப்பதில்லை. மூன்று வாரத்தில் வெப்பம் ஒரு டிகிரி ஏறும், இன்னொரு டிகிரி ஏறும். வாரா வாரம் புதிய ரீடிங்குகளைக் கொடுத்து எல்லைகளைப் புதுப்பித்தால், எல்லையும் கூடவே ஏறி, கோளாறையே வழக்கமாகக் கற்றுக்கொள்ளும். இங்கே 1954-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பேஜ் கொடுத்த குவிகூட்டு முறை கைகொடுக்கும். ஒவ்வொரு ரீடிங்கும் இலக்கைவிட எவ்வளவு கூடுதல் என்பதை, ஒரு சிறு சலுகை கழித்துக்கொண்டு, கூட்டிக்கொண்டே போவது அது. இயல்பான ஆட்டத்தில் கூடுதலும் குறைவும் அடித்துக்கொண்டு கூட்டல் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஒரே பக்கமாகச் சிறிது விலகினாலும் ஏறிக்கொண்டே போகும். சராசரி ஒரு திட்ட விலக்கம் மட்டும் நகர்ந்தால் அதைப் பிடிக்க ஷூஹார்ட் கோட்டுக்குச் சராசரியாக 44 ரீடிங் ஆகும், பொதுவாக வைக்கும் அமைப்பில் குவிகூட்டுக்கு 10 வாக்கில் போதும். மணிக்கு ஒரு சராசரி என்று எடுத்தால் இரண்டு நாளுக்கும் அரை நாளுக்கும் உள்ள வித்தியாசம்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க ரீடிங்குகளை அப்படியே பார்த்துப் பயனே இல்லை. போர்ட்டோ பதிவில் உள்ள கோளாறுகள் காற்றுக் கசிவுகள்தான். குழாயில் கசிவு இருந்தால் மோட்டார் லோடில் அதே 100 ஆம்பியர்தான் இழுக்கும், அன்லோடில் அதே 40. எந்த எண்ணும் மாறாது. லோடில் ஓடும் நேரம்தான் கூடும். நம் ஆலைகளில் இந்தச் சோதனையைக் கணினி இல்லாமலே செய்து வந்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் எந்த எந்திரமும் காற்று எடுக்காதபோது கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, எவ்வளவு நேரம் லோடு, எவ்வளவு நேரம் அன்லோடு என்று கடிகாரம் பார்ப்பார்கள். ஒன்றரை நிமிடம் லோடு, பத்தரை நிமிடம் அன்லோடு என்றால் பன்னிரண்டில் ஒன்றரை, அதாவது கம்ப்ரஸரின் திறனில் 12.5 சதவீதம் கசிவில் போகிறது. இதே விகிதத்தை மணிக்கொரு முறை கணக்கிட்டு, அதே ஷிப்டின் மற்ற நாட்களோடு ஒப்பிட்டு எல்லை போட்டால் போதும்.

கடைசியாக, அலாரம் கேட்க வேண்டிய மனிதர். 370-இல் ஒன்று என்பது சிறியதாகத் தெரியும். நிமிடத்துக்கு ஒரு ரீடிங் என்றால் ஒரு சென்சாருக்கு நாளைக்கு நான்கு பொய் அலாரம். அறுபது சென்சார் இருந்தால் 230-க்கும் மேல். அடுத்தடுத்த ரீடிங்குகள் ஒன்றையொன்று ஒட்டி வருவதால் அவை கொத்தாகவும் வரும். “அது பாட்டுக்கு அடிச்சுட்டே இருக்குதுங்கண்ணா, அதான் அமுக்கி வச்சுட்டேன்” என்று ஒரு ஃபிட்டர் சொன்னால் அவர்மீது குற்றமில்லை. 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனில் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தது. அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் அங்கிருந்த இரண்டு இயக்குநர்களுக்கு 275 அலாரம் வந்திருந்தது என்று அரசு விசாரணை பதிவு செய்திருக்கிறது. எது முக்கியம் என்று அந்த வெள்ளத்தில் யாராலும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. அதனால் ஒரு ரீடிங் எல்லை தாண்டியதும் கூவாமல், ஐந்தில் மூன்றாவது தாண்டினால் மட்டும் கூவும்படி வைப்பது நல்லது. ட்ரிப் அளவை நெருங்கும் வெப்பத்துக்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது.

அலாரம் அடித்ததும் முதலில் கேட்க வேண்டியது எந்திரமா, சென்சாரா என்பதுதான். வெப்பம் ஒரே நிமிடத்தில் 83-லிருந்து 104-க்குத் தாவி அடுத்த நிமிடம் 83-க்கே திரும்பினால் அது கம்பி இணைப்பு. பல கிலோ இரும்பும் எண்ணெயும் அவ்வளவு வேகத்தில் சூடேறி ஆறாது. ஆம்பியர், அழுத்தம், வெப்பம் மூன்றும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் எந்திரத்தைப் பார்க்க வேண்டும். கையில் பிடித்து அளக்கும் வெப்பமானி ஒன்று கம்ப்ரஸர் அறையிலேயே இருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். பார்த்ததை நோட்டில் எழுதிவைப்பதும் முக்கியம். எத்தனை அலாரத்தில் உண்மையான கோளாறு இருந்தது, எத்தனை கோளாறு அலாரம் இல்லாமலே வந்தது என்று அந்த நோட்டை வைத்துத்தான் எல்லையை நெருக்குவதா தளர்த்துவதா என்று முடிவு செய்ய முடியும். “செக் செய்தேன், ஓகே” என்ற வரி அதற்கு உதவாது. “கூலர் பின்பக்கம் பஞ்சு அடைப்பு, ஏர் அடித்துச் சுத்தம், அன்லோடு வெப்பம் 86-லிருந்து 76” என்று தேதியோடு எழுதினால் உதவும்.